இரண்டு பேக்கேஜ், ஒரு ஃப்ரீஸ்: ஊரிலிருந்து திரும்பினால் வகுப்புகள் காலாவதியாகும் நிலையில் இருக்கின்றன

மீனா_செங்காங் (மே 29, இரவு 9.15)

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு யோகா ஸ்டூடியோவில் என்னிடம் இரண்டு பேக்கேஜ்கள் இருக்கின்றன. முதலாவது 20 வகுப்புகள் கொண்டது. அதை 400 வெள்ளிக்குப் பிப்ரவரி 3 அன்று வாங்கினேன். வாங்கிய நாளையும் சேர்த்து 120 நாள்களுக்குச் செல்லும் என்பதால் ஜூன் 2 அதன் கடைசி நாள். இரண்டாவது 10 வகுப்புகள் கொண்டது. ஏப்ரல் தொடக்கத்தில் சலுகை விலையில் 180 வெள்ளிக்குக் கிடைத்தது. அது வாங்கிய நாளிலிருந்து அல்லாமல் முதல் முறை பயன்படுத்தும் நாளிலிருந்து 60 நாள்களுக்குச் செல்லும் என்றார்கள். பழையதை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கலாம் என்ற எண்ணத்தில்தான் அதை வாங்கி வைத்தேன்.

மே மாதம் முழுவதும் மதுரையில் தங்கைக்குத் திருமண வேலைகள் இருந்ததால், கிளம்புவதற்கு முன்பே கவுண்டரில் சொல்லி மே 1 முதல் மே 28 வரை ஃப்ரீஸ் போட்டுவிட்டுச் சென்றேன். பேக்கேஜ் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை, அதிகபட்சம் 30 நாள் ஃப்ரீஸ் செய்யலாம் என்பது அவர்களுடைய விதி. இன்று செயலியைத் திறந்து பார்த்தால் 20 வகுப்புப் பேக்கேஜின் கடைசி நாள் இன்னமும் ஜூன் 2 என்றே காட்டுகிறது. 10 வகுப்புப் பேக்கேஜோ ஜூலை 6 வரை செல்லும் என்கிறது. பழையதில் 7 வகுப்புகள் மீதமிருக்கின்றன. ஐந்து நாளில் ஏழு வகுப்புக்குப் போக என்னால் முடியாது. கவுண்டரில் கேட்டதற்கு, "சிஸ்டத்தில் ஃப்ரீஸ் பதிவாகியிருக்கிறது, அதற்கு மேல் எங்களால் ஒன்றும் செய்ய இயலாது" என்று சொல்லிவிட்டார்கள். இதில் நான் எதைக் கேட்பது முறையாக இருக்கும்?

தேக்கா_ராஜா (மே 29, இரவு 9.48)

சகோதரி, நீங்கள் தயங்கவே வேண்டாம். சிங்கப்பூரில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எந்த ஒப்பந்தத்தையும் 5 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை அதில் உண்டு. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் போட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தந்துவிடுவார்கள். வழக்கறிஞரும் தேவையில்லை. முதலில் ஒரு கடுமையான மின்னஞ்சல் அனுப்புங்கள். மற்றவை தாமாக நடக்கும்.

ஜூரோங்_அப்பா (மே 29, இரவு 10.20)

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான் அம்மா. மகளுக்கு நீச்சல் வகுப்பு. டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போவதாக முன்கூட்டியே சொல்லியும் அந்த மாதக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஈடுகட்டும் வகுப்பு தருகிறோம் என்றார்கள். அதுவும் புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு! பள்ளிப் பிள்ளையை அந்த நேரத்துக்கு யார் அழைத்துப் போவது? நீங்கள் மாதச் சந்தாவையே ரத்து செய்துவிட்டு வேறு இடம் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

பழைய_கவுண்டர் (மே 29, இரவு 11.05)

ஜூரோங் ஐயா, அவரிடம் இருப்பது மாதச் சந்தா அன்று. சந்தாவில் ஃப்ரீஸ் போட்டால் கட்டணம் பிடிப்பது நிற்கும். வகுப்புப் பேக்கேஜில் பணம் முன்பே போய்விட்டது என்பதால், ஃப்ரீஸ் செய்யக்கூடியதெல்லாம் காலாவதித் தேதியைத் தள்ளுவது மட்டுமே. அது எந்தப் பேக்கேஜின் தேதியைத் தள்ளியது என்பதுதான் இங்கே கேள்வி.

மீனா, பல ஆண்டுகள் ஒரு ஸ்டூடியோவின் முன்பலகையில் இருந்தவன், பிறகு அதே இடத்தில் முன்பதிவு மென்பொருளை அமைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாம் "என் கணக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள்" என்று கேட்கிறோம். மென்பொருள்கள் பலவற்றில் கணக்கு முழுவதையும் நிறுத்திவைக்கும் பொத்தான் கிடையாது. ஃப்ரீஸ் ஒரு பேக்கேஜின்மேல்தான் விழும். உறுப்பினர் பெயரைத் திறந்தால் அவருடைய பேக்கேஜ்கள் வரிசையாக நிற்கும். ஊழியர் அவற்றில் ஒன்றைத் தொட்டு, தொடக்க நாளும் முடிவு நாளும் கொடுத்துச் சேமிப்பார். இரண்டு பேக்கேஜ் இருந்தால் இரண்டு முறை செய்ய வேண்டும். உங்களுக்கு ஒரு முறைதான் செய்திருக்கிறார்கள் என்பது தேதிகளிலிருந்தே தெரிகிறது.

ஆனால் என்னை உறுத்துவது வேறொன்று. முதல் பயன்பாட்டில்தான் தொடங்கும் என்று நீங்கள் சொல்லும் 10 வகுப்புப் பேக்கேஜுக்கு முடிவுத் தேதி எப்படி வந்தது? தொடங்காத பேக்கேஜுக்கு அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும். ஜூலை 6 என்பதிலிருந்து ஃப்ரீஸின் 28 நாளைக் கழித்தால் ஜூன் 8 வருகிறது. அங்கிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணினால் ஏப்ரல் 10. அன்று நீங்கள் வகுப்புக்குப் போனீர்களா? போயிருந்தால், வருகைப் பதிவேட்டை முழுதாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு கழிவும் எந்தப் பேக்கேஜிலிருந்து, எத்தனை மணிக்கு, செயலி வழியாகவா கவுண்டர் வழியாகவா என்பது அதில் இருக்கும். செயலியில் உங்களுக்குத் தெரியும் "மீதம்" என்ற எண் அந்தப் பதிவேட்டின் கடைசி வரி மட்டுமே.

கவிதா_ஈஷூன் (மே 30, காலை 7.30)

பழைய_கவுண்டர் அவர்களிடம் ஓர் இடைக் கேள்வி. நான் செல்லும் உடற்பயிற்சிக்கூடத்தில் ஒரு வருகைக்கு ஒரு கழிவு என்று எழுதியிருக்கிறது. நடுவில் தண்ணீர் வாங்கக் கீழே போய்விட்டுத் திரும்ப வந்து வாசலில் ஸ்கேன் செய்தேன். இரண்டு கழிந்துவிட்டது. மாறாக, என் தோழி அவளுடைய ஸ்டூடியோவில் ஒரே மாலையில் அடுத்தடுத்து இரண்டு வகுப்புகள் செய்தாள். ஒரு முறைதான் உள்ளே நுழைந்தாள். அவளுக்கும் இரண்டு கழிந்தது. எது சரி?

பழைய_கவுண்டர் (மே 30, காலை 8.10)

தோழிக்கு நடந்தது பெரும்பாலும் சரி, உங்களுக்கு நடந்தது தவறு. ஸ்டூடியோக்களில் கழிவு, வகுப்புப் பட்டியலில் உள்ள இடத்தோடு கட்டப்பட்டிருக்கும். இரண்டு வகுப்பில் இரண்டு இடம் பிடித்தால் இரண்டு கழியும், வாசலை எத்தனை முறை கடந்தாலும் அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. கூடங்களில் கழிவு, வாசல் ஸ்கேனோடு கட்டப்பட்டிருக்கும். அங்கே மறுநுழைவுக்கு ஓர் இடைவெளி வைக்க வேண்டும், அதாவது முதல் ஸ்கேனுக்குப் பின் இத்தனை மணி நேரத்துக்குள் அதே ஆள் மீண்டும் ஸ்கேன் செய்தால் கழிக்காதே என்று. அந்த இடைவெளியைச் சுழியத்தில் விட்டுவிட்டால் தண்ணீர்ப் புட்டிக்கு ஒரு வகுப்பு விலை ஆகும். பதிவேட்டில் ஒரே நாளில் சில நிமிட இடைவெளியில் இரண்டு வரிகள் இருப்பதைக் காட்டினால் பொதுவாக மறுபேச்சின்றித் திருத்தித் தருவார்கள்.

மீனா_செங்காங் (மே 30, மாலை 6.40)

பதிவேடு கிடைத்துவிட்டது. கேட்டவுடன் கவுண்டரில் இருந்த பெண் முகம் சுளிக்காமல் அச்செடுத்துக் கொடுத்தார். தேவையான பகுதியை மட்டும் இங்கே தருகிறேன்.

ஏப்ரல் 7, மாலை 7.01 – 20 வகுப்பு – மீதம் 11 – செயலி
ஏப்ரல் 10, மாலை 7.04 – 10 வகுப்பு – மீதம் 9 – கவுண்டர்
ஏப்ரல் 14, மாலை 6.58 – 20 வகுப்பு – மீதம் 10 – செயலி
ஏப்ரல் 21, மாலை 7.00 – 20 வகுப்பு – மீதம் 9 – செயலி
ஏப்ரல் 28, மாலை 6.57 – 20 வகுப்பு – மீதம் 8 – செயலி
ஏப்ரல் 30, மாலை 5.20 – 10 வகுப்பு – ஃப்ரீஸ் மே 1 முதல் மே 28 – கவுண்டர்
மே 5, இரவு 8.15 – 20 வகுப்பு – மீதம் 7 – வரவில்லை – தானியங்கி

ஏப்ரல் 10 அன்று என் கைப்பேசியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. கவுண்டரில் பெயரைச் சொல்லி உள்ளே போனது நன்றாக நினைவிருக்கிறது. மே 5 அன்று நான் மதுரையில் இருந்தேன். அந்த வரி எப்படி வந்தது என்றே புரியவில்லை.

பழைய_கவுண்டர் (மே 30, இரவு 8.30)

எல்லாமே ஏப்ரல் 10-லிருந்து பிறந்திருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இதை அப்படியே அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

செயலியில் ஸ்கேன் செய்யும்போது எந்தப் பேக்கேஜிலிருந்து கழிப்பது என்பதை மென்பொருள் தானே தீர்மானிக்கும். முதலில் காலாவதியாவது எதுவோ அதிலிருந்து கழிப்பதுதான் வழக்கமான அமைப்பு. அதனால்தான் உங்கள் செயலி வழி வரிகள் எல்லாம் 20 வகுப்பிலிருந்தே போயிருக்கின்றன. கவுண்டரில் பெயரைத் தட்டினால், பல மென்பொருள்கள் ஊழியரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், கடைசியாக வாங்கியதை மேலே காட்டும். மாலை ஏழு மணி வகுப்புக்கு ஐந்தாறு பேர் வரிசையில் நிற்கும்போது யாரும் கீழே இறங்கிப் பார்க்க மாட்டார்கள், மேலே இருப்பதைத் தட்டிவிடுவார்கள். அந்தத் தட்டலில் உங்களுக்கு ஒரு வகுப்பு இடம் மாறியது மட்டுமல்ல, 10 வகுப்புப் பேக்கேஜின் 60 நாளும் ஓடத் தொடங்கிவிட்டது. ஜூனில் தொடங்க வேண்டியது ஏப்ரலில் தொடங்கியது.

அடுத்து ஏப்ரல் 30. ஃப்ரீஸ் போட்ட ஊழியர் உங்கள் பெயரைத் திறந்தபோது நடப்பில் உள்ள பேக்கேஜ்கள் இரண்டு தெரிந்திருக்கும். அவர் மறுபடியும் மேலே இருந்ததைத் தொட்டிருக்கிறார். 10 வகுப்புப் பேக்கேஜ் தொடங்காமலே இருந்திருந்தால் அதற்குத் தள்ளுவதற்குத் தேதியே இருந்திருக்காது. ஃப்ரீஸ் சரியான பேக்கேஜில்தான் விழுந்திருக்கும்.

மே 5 வரியும் இதே காரணத்தால் வந்தது. ஏப்ரல் 21 வாக்கில் இரண்டு வாரத்துக்கு முன்னதாகவே அந்தத் திங்கட்கிழமை வகுப்பில் இடம் பிடித்திருப்பீர்கள். ஃப்ரீஸ் விழும் பேக்கேஜோடு கட்டிய முன்பதிவுகளை மென்பொருள் தானே நீக்கிவிடும். உங்கள் முன்பதிவு 20 வகுப்போடு கட்டப்பட்டிருந்தது, அந்தப் பேக்கேஜோ விழித்துக்கொண்டே இருந்தது. ஆகவே இடம் அப்படியே நின்றது, வகுப்பு முடிந்ததும் "வரவில்லை" என்று குறித்து ஒன்றைக் கழித்துவிட்டது. நேரத்தைப் பாருங்கள், இரவு 8.15. ஏழு மணி வகுப்பு முடியும் நேரம். மனிதர் யாரும் அதைத் தொடவில்லை.

நீங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டாம். மூன்று திருத்தங்களைக் கேளுங்கள். ஏப்ரல் 10 வருகையை 10 வகுப்பிலிருந்து எடுத்து 20 வகுப்பில் வைக்க வேண்டும். மே 5 கழிவை நீக்க வேண்டும். ஃப்ரீஸை 10 வகுப்பிலிருந்து எடுத்து 20 வகுப்பில் போட வேண்டும். இப்படிச் செய்தால் 20 வகுப்பில் ஒன்று கூடி ஒன்று குறையும், ஆக மீதம் அதே 7. கடைசி நாள் ஜூன் 2-லிருந்து 28 நாள் தள்ளி ஜூன் 30. 10 வகுப்புப் பேக்கேஜ் முழுதாக 10-க்குத் திரும்பும், தொடங்காததாக நிற்கும். நீங்கள் ஒரு வகுப்பைக்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை என்பது அந்தக் கணக்கிலேயே தெரியும். அதுதான் உங்களுக்குப் பலம்.

புங்கோல்_ஸ்டூடியோ (மே 30, இரவு 10.10)

நான் ஒரு சிறிய பிலாட்டிஸ் ஸ்டூடியோவை நடத்துகிறேன். மீனா செல்லும் இடம் என்னுடையது அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் கேட்பது நியாயம். ஃப்ரீஸை மாற்றிப் போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் ஏப்ரல் 10 வருகையை இடம் மாற்றுவதை நான் எளிதில் செய்ய மாட்டேன், ஏன் என்று சொல்கிறேன். எங்களுக்குப் பேக்கேஜ் பணம் வந்த நாளில் அது வருமானம் ஆவதில்லை. ஒவ்வொரு வகுப்பு நடக்கும்போதும் அந்த வகுப்புக்குரிய பங்கு வருமானமாகும். 20 வகுப்புப் பேக்கேஜில் ஒரு வகுப்பு 20 வெள்ளி, சலுகைப் பேக்கேஜில் 18 வெள்ளி. ஆசிரியர்களுக்கு நான் கொடுப்பது அந்த வகுப்பின் வருமானத்தில் ஒரு பங்கு. ஏப்ரல் கணக்கை மூடி, சம்பளமும் கொடுத்த பிறகு ஒரு வருகையை வேறு பேக்கேஜுக்கு மாற்றினால் இரண்டு வெள்ளி வித்தியாசத்துக்காக ஆசிரியர் சம்பளப் பட்டியலையும் திறக்க வேண்டியிருக்கும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் எத்தனை பேருக்குத் திறப்பது?

காலாவதி எதற்கு என்று பலர் கோபப்படுகிறார்கள். என் அறையில் எட்டு ரிஃபார்மர் கருவிகள்தான் இருக்கின்றன. காலாவதி இல்லாமல் விற்றால், பொங்கலுக்கு வாங்கிய எல்லோரும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் வந்து நிற்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் இடம் இருக்காது.

தேக்கா_ராஜா (மே 30, இரவு 10.45)

அதெல்லாம் உங்கள் உட்கணக்கு, ஐயா. தவறு செய்தது கவுண்டர். அதற்கு வாடிக்கையாளர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? நான் முன்பு சொன்னபடி நடுவர் மன்றம் இருக்கவே இருக்கிறது.

வாசகர்_பீஷான் (மே 31, காலை 9.00)

ராஜா அவர்கள் சொன்னதில் பாதி சரி. அந்த 5 நாள் ரத்து உரிமை எல்லா ஒப்பந்தத்துக்கும் பொருந்தாது. 2009-இல் வந்த விதிகளின்படி, அது அழைக்காமல் வீட்டுக்கோ வேறிடத்துக்கோ வந்து விற்கும் நேரடி விற்பனைக்கும், டைம்ஷேர் போன்ற நீண்டகால விடுமுறைத் திட்டங்களுக்கும் உரியது. நாமே ஸ்டூடியோவுக்குப் போய் வாங்கிய பேக்கேஜ் அதில் சேராது. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் கடைகளுக்குத் தரும் கேஸ்டிரஸ்ட் சான்றிதழைப் பெற்ற ஸ்பாக்களில் 5 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அது சான்றிதழ் பெறும்போது கடை ஒப்புக்கொள்ளும் நிபந்தனையிலிருந்து வருவது. எப்படியிருந்தாலும் மீனா பிப்ரவரியில் வாங்கியதற்கு இன்று 5 நாள் பேசிப் பயனில்லை.

நடுவர் மன்றம் பற்றி அவர் சொன்னது சரி. 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை கோரலாம். பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. வழக்கறிஞர் வாதாட முடியாது. ஆனால் மன்றத்தில் கேட்கப்போவது "காலாவதி நியாயமா" என்பதாக இருந்தால் மீனாவின் நிலை பலவீனம், ஏனென்றால் கையெழுத்திட்ட தாளில் அது இருக்கிறது. "நான் கேட்ட ஃப்ரீஸை வேறு பேக்கேஜில் போட்டார்கள்" என்பதாக இருந்தால் நிலை வேறு. அதற்கு அவரிடம் பதிவேடும் இருக்கிறது. மீனா, ஃப்ரீஸ் கேட்டதை எழுத்தில் கேட்டீர்களா, வாயாலா?

மீனா_செங்காங் (மே 31, பிற்பகல் 1.15)

வாயாலும் கேட்டேன், பிறகு அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணுக்கும் எழுதினேன். "மே 1 முதல் 28 வரை ஊரில் இருப்பேன், என் பேக்கேஜ்களை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள்" என்பதுதான் செய்தி. அதற்குக் கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

வாசகர்_பீஷான் (மே 31, பிற்பகல் 2.00)

பேக்கேஜ்கள் என்று பன்மையில் எழுதியதும், பயணத் தேதி இருந்ததும், அவர்கள் ஒப்புக்கொண்டதும் போதும். மன்றம் வரை போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். அதற்கு முன் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் நடுவே இருந்து பேசிப் பார்க்கும். முதலில் பழைய_கவுண்டர் சொன்ன கணக்கை மின்னஞ்சலில் எழுதி, மேலாளர் பெயருக்கு ஜூன் 2-க்கு முன் அனுப்பிவிடுங்கள். காலாவதியான பிறகு கேட்பதைவிட, பேக்கேஜ் உயிரோடு இருக்கும்போது கேட்பது எளிது.

ஜூரோங்_அப்பா (மே 31, மாலை 4.30)

நீச்சல் வகுப்புக்கும் மன்றத்துக்குப் போகலாமா என்று யாராவது சொல்ல முடியுமா? புதன்கிழமை மதியத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மீனா_செங்காங் (ஜூன் 2, காலை 11.20)

மேலாளர் பதில் அனுப்பிவிட்டார். மே 5 கழிவை நீக்கிவிட்டார்கள். 20 வகுப்புப் பேக்கேஜுக்கு ஃப்ரீஸ் போட்டு ஜூன் 30 வரை தள்ளிவிட்டார்கள். 10 வகுப்புக்குப் போட்ட ஃப்ரீஸை எடுக்கவில்லை, அதுவும் ஜூலை 6 வரையே நிற்கிறது. ஏப்ரல் 10 வருகையை மட்டும் மாற்ற முடியாது, மென்பொருள் அனுமதிக்காது என்கிறார். ஆக இப்போது பழையதில் 8, புதியதில் 9, மொத்தம் 17.

நல்ல மனத்தோடுதான் செய்திருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து எண்ணினாலும் ஜூலை 6 வரை 39 நாள்தான், 17 வகுப்பு என்றால் வாரத்துக்கு மூன்று. நான் வழக்கமாக வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டுதான் போவேன். புதியது தொடங்காமல் இருந்திருந்தால், பழையதை ஜூன் முழுக்க முடித்துவிட்டு ஜூலை 1-இல் தொடங்கினாலும் ஆகஸ்ட் 29 வரை கிடைத்திருக்கும். இனி மென்பொருள் அனுமதிக்காது என்பது உண்மைதானா?

பழைய_கவுண்டர் (ஜூன் 2, பிற்பகல் 12.45)

பாதி உண்மை. கவுண்டர் ஊழியரின் கணக்கில் முடியாது என்பது சரியாக இருக்கலாம். வருகை ஒன்றை ரத்து செய்தால் சில மென்பொருள்களில் தொடக்கத் தேதி தானே வெறுமையாகிவிடும். வேறு சிலவற்றில் ஒரு முறை விழுந்த தொடக்கத் தேதி அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆனால் முடிவுத் தேதியைக் கையால் மாற்றும் அனுமதி மேலாளர் கணக்கில் இல்லாத மென்பொருளை நான் பார்த்ததில்லை, இல்லாவிட்டால் ஆசிரியர் நோய்வாய்ப்பட்டு வகுப்புகள் ரத்தாகும்போது எல்லோருக்கும் நாள் நீட்டித்துக் கொடுக்க முடியாது. ஆகவே வருகையை மாற்றச் சொல்லிப் பிடிவாதம் வேண்டாம். புங்கோல் நண்பர் சொன்ன கணக்குச் சிக்கல் அதில் உண்மையாகவே வரும். 10 வகுப்புப் பேக்கேஜின் முடிவுத் தேதியை மட்டும் ஆகஸ்ட் 29 என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். ஏப்ரல் கணக்கு திறக்கப்படாது, சம்பளப் பட்டியலும் அசையாது.

புங்கோல்_ஸ்டூடியோ (ஜூன் 2, பிற்பகல் 3.10)

இது எனக்கும் ஏற்புடையது, ஆனால் ஆகஸ்ட் 29 வரை நான் தர மாட்டேன். சலுகை விலையே குறுகிய காலத்துக்காகத்தான். ஜூலை இறுதி வரை கொடுப்பேன்.

தேக்கா_ராஜா (ஜூன் 2, பிற்பகல் 3.25)

ஏன் குறைக்க வேண்டும்? அவர் வாங்கும்போது சொன்ன 60 நாள் அவருடைய உரிமை. தொடங்கிவைத்தது அவர்கள்.

புங்கோல்_ஸ்டூடியோ (ஜூன் 2, பிற்பகல் 3.40)

உள்ளே வந்தது அவர்தானே. அன்று செயலியில் மீதத்தைப் பார்த்திருந்தால் ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன், ராஜா.

நிரல்_தெம்பனிஸ் (ஜூன் 2, மாலை 5.05)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இத்தகைய முன்பதிவு நிரல்களைப் பராமரிப்பது என் வேலை. மீனாவின் பிரச்சினைக்கு இது தேவைப்படாமல் போகலாம், ஆனால் ஜூன் 30 கடைசி நாள் என்பதால் சொல்கிறேன். சில நிரல்களில் முடிவுத் தேதியை நேரத்தோடு சேர்த்து உலகப் பொது நேரத்தில் சேமிப்பார்கள். ஜூன் 30 என்று ஊழியர் தட்டினால் உள்ளே இப்படி விழும்:

```
2025-06-30T00:00:00Z
```

சிங்கப்பூர் நேரம் அதைவிட எட்டு மணி முன்னே இருப்பதால், இது நமக்கு ஜூன் 30 காலை 8 மணி. அன்று காலை 7 மணி வகுப்பை ஏற்கும், மாலை 7 மணி வகுப்பில் "பேக்கேஜ் காலாவதியாகிவிட்டது" என்று சொல்லும். உங்கள் ஸ்டூடியோவில் அப்படியா என்று கண்டறிய வழி எளிது. ஜூன் 30 மாலை வகுப்புக்கு இப்போதே முன்பதிவு செய்து பாருங்கள். 20 வகுப்புப் பேக்கேஜை அது ஏற்காமல் 10 வகுப்பிலிருந்து எடுத்தால், கடைசி நாள் என்பது அவர்களுக்கு உண்மையில் ஜூன் 30 காலை 8 மணியோடு முடிந்துவிடுகிறது, மாலை வகுப்புக்கு ஜூன் 29-தான் கடைசி.

கவிதா_ஈஷூன் (ஜூன் 2, மாலை 6.30)

என் தண்ணீர்ப் புட்டி வகுப்பு திரும்பி வந்துவிட்டது. இரண்டு ஸ்கேனுக்கும் ஆறு நிமிட இடைவெளி. காட்டியவுடன் திருத்திவிட்டார்கள். நன்றி.

மீனா_செங்காங் (ஜூன் 3, காலை 8.50)

நிரல்_தெம்பனிஸ் சொன்னதைச் செய்து பார்த்தேன். ஜூன் 30 மாலை வகுப்பு 10 வகுப்புப் பேக்கேஜிலிருந்து போகும் என்று காட்டியது. அதே நாள் காலை 7 மணி வகுப்பைத் தேர்ந்தெடுத்தால் 20 வகுப்பிலிருந்து எடுக்கிறது. இரண்டையும் ரத்து செய்துவிட்டு, திரைப்பிடிகளை மேலாளருக்கு அனுப்பினேன். இது அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை, மென்பொருள் நிறுவனத்திடம் கேட்கிறோம் என்றார்.

10 வகுப்புப் பேக்கேஜின் முடிவுத் தேதியை மாற்றுவது பற்றிக் கேட்டதற்கு, ஜூலை 31 வரை தர இயலும், அதற்கு மேல் உரிமையாளரிடம் பேச வேண்டும் என்கிறார். ஆகஸ்ட் 29-ஐக் கேட்டு இன்று காலை எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே பதிகிறேன். அதுவரை ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைந்தவுடன் கவுண்டர் திரையில் எந்தப் பேக்கேஜின் பெயர் வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பாயை விரிக்கிறேன். நேற்று மாலை 20 வகுப்பிலிருந்துதான் போனது, மீதம் 7.